2012 மக்காச்சோள வீழ்ச்சியை எந்தக் கணிப்பு மாதிரி முன்கூட்டியே சொல்லியிருக்கும்? மெஷின் லேர்னிங் மகசூல் கணிப்பின் பொறிகள்

செயற்கைக்கோள் படங்களையும் வானிலைத் தரவையும் மெஷின் லேர்னிங் மாதிரிக்குக் கொடுத்து, அறுவடைக்கு முன்பே மகசூலைச் சொல்லிவிட்டோம் என்று அறிவிக்கும் ஆய்வுகள் நிறைய வருகின்றன. மகசூல் வேறுபாட்டில் எவ்வளவு பங்கை மாதிரி விளக்கியது என்று காட்டும் R² 0.85, 0.9 என்று எண்கள் அழகாகவே இருக்கின்றன. அதே மாதிரியை அடுத்த பருவத்தில் நிஜமாகப் பயன்படுத்திப் பார்த்தால், போன ஐந்து வருடச் சராசரியைச் சொல்லியிருந்தாலே போதும் என்ற நிலை பல நேரம் வருகிறது. குறை பெரும்பாலும் அல்காரிதத்தில் இல்லை. எதை ஒரு "தரவுப் புள்ளி" என்று எண்ணினோம், எந்தத் தேதியில் எது தெரிந்திருந்தது, எதை "உண்மை மகசூல்" என்று நம்பினோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு பருவத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்க மக்காச்சோளம், 2012. தரவு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது, இந்தத் துறையின் கணிசமான ஆய்வுகள் அந்தத் தரவின் மேல்தான் நிற்கின்றன, விழுந்த அடியும் பெரியது.

## அந்தப் பருவத்தில் நடந்தது

2012 மார்ச், அமெரிக்கப் பெருநிலப்பரப்பில் அதுவரை பதிவான மார்ச் மாதங்களிலேயே வெப்பமானது. மண் சீக்கிரம் சூடேறியதால் விதைப்பு வேகமாக முடிந்தது. மே மாதம் அமெரிக்க வேளாண் துறை ஏக்கருக்கு 166 புஷல் விளையும் என்று கணித்தது. ஹெக்டேருக்குச் சொன்னால் சுமார் 10.4 டன். கடந்த வருடங்களின் உயர்வை நீட்டிப் பார்க்கும் போக்குக்கோட்டு மதிப்பைவிட அது கொஞ்சம் கூடுதல். வேகமான விதைப்பை அவர்கள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் மழை நின்றது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும், பயிர் பூக்கும் நேரம் பார்த்து, வெயில் கொளுத்தியது. ஜூலைக் கணிப்பு 146 புஷலுக்கு (9.2 டன்) இறங்கியது. ஆகஸ்டில் 123.4 (7.75 டன்). இறுதிப் புள்ளிவிவரம் 123.1 புஷல், அதாவது 7.7 டன்.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விவசாயிகளிடம் கேட்டும், வயலில் இறங்கிக் கதிரை எண்ணியும் தயாராகும் ஆகஸ்ட் கணிப்பு ஏறக்குறைய சரியாக அமைந்துவிட்டது. ஆக, ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு மாதிரி 7.7 என்று சொன்னால் அதனால் யாருக்கும் பெரிய பயன் இல்லை. ஜூன் கடைசியிலோ ஜூலை நடுவிலோ என்ன சொன்னது என்பதுதான் கேள்வி.

## மாதிரி கட்டப்படும் விதம்

வழக்கமான வேலை இப்படிப் போகும்:

1. கவுண்டி வாரியான மகசூலை வேளாண் துறையின் புள்ளியியல் பிரிவான நாஸ் தளத்திலிருந்து எடுப்பது. கவுண்டி என்பதை நம்மூர் தாலுகா, மாவட்டம் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவாக வைத்துக்கொள்ளலாம். அயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள், இல்லினாயில் 102.
2. மோடிஸ் செயற்கைக்கோள் கருவியிலிருந்து என்டிவிஐ எனப்படும் பசுமைக் குறியீட்டை எடுப்பது. இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, சிவப்புக்கு அருகில் உள்ள அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அந்த இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் இந்தக் குறியீடு வரும்.
3. மக்காச்சோளம் உள்ள பிக்சல்களை மட்டும் பிரித்தெடுத்து, கவுண்டிக்கு ஒரு சராசரி கணக்கிடுவது.
4. மழை, வெப்பம், மண் விவரங்களைச் சேர்த்து, ரேண்டம் ஃபாரஸ்டோ நரம்பு வலையமைப்போ ஒன்றைப் பயிற்றுவிப்பது.

ஆயிரம் கவுண்டி, இருபது வருடம் என்றால் இருபதாயிரம் வரிசை. மெஷின் லேர்னிங்குக்கு இது தாராளம் என்று தோன்றும். முதல் பொறி அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது.

## வரிசைகளைக் கலைத்துப் பிரித்தால்

இருபதாயிரம் வரிசைகளையும் கலைத்து, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் ஒதுக்கினால் என்ன ஆகும்? இல்லினாயின் மெக்லீன் கவுண்டியின் 2012 வரிசை சோதனைப் பக்கம் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சுற்றியுள்ள கவுண்டிகளில் பெரும்பாலானவற்றின் 2012 வரிசைகள் பயிற்சியில் இருக்கும். அதே வறட்சி, அதே ஜூலை வெயில், ஏறக்குறைய அதே மண். "மழை இவ்வளவு, வெப்பம் இவ்வளவு என்றால் அது 2012, 2012 என்றால் மகசூல் இவ்வளவு" என்று மாதிரி படித்துக்கொள்ளும். பக்கத்து பெஞ்ச் விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதற்குச் சமம். பயிருக்கும் வானிலைக்கும் உள்ள உறவை அது கற்கவே வேண்டியதில்லை. வருடத்தை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மகசூலைத் தூக்கி வைத்துவிட்டு, அதே உள்ளீடுகளிலிருந்து வருடத்தைக் கணிக்க ஒரு வகைப்படுத்தியைப் பயிற்றுவியுங்கள். அது வருடத்தைச் சுலபமாகக் கண்டுபிடிக்கிறது என்றால், கலைத்துப் பிரித்த சோதனையில் வந்த மதிப்பெண்ணை நம்ப வழியில்லை.

சரி, நம்மிடம் நிஜமாக எத்தனை தரவு இருக்கிறது? கொத்து மாதிரியெடுப்பில் வரும் பழைய சூத்திரம் இங்கே உதவும்:

`n_eff = n / (1 + (m − 1)ρ)`

இதில் n என்பது மொத்த வரிசைகள், m என்பது ஒரே வருடத்தில் உள்ள கவுண்டிகளின் எண்ணிக்கை, ρ என்பது அவற்றின் விலகல்களுக்கு இடையேயான சராசரி ஒட்டுறவு. ρ வெறும் 0.3 என்று வைத்தாலும், 20,000 வரிசைகள் சுமார் 66 சுதந்திரமான புள்ளிகளாகச் சுருங்கிவிடும். ஒரே ஒட்டுறவு எல்லாக் கவுண்டிகளுக்கும் பொருந்தாது, தூரம் கூடக் குறையும். ஆனாலும் அளவைப் புரிந்துகொள்ள இது போதும். பல லட்சம் அளவுருக்கள் கொண்ட வலையமைப்பை அறுபத்துச் சொச்சம் புள்ளிகளின் மேல் பயிற்றுவிக்கிறோம் என்று தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும், தயங்கத்தான் வேண்டும்.

ஆகவே பிரிக்க வேண்டிய அலகு வருடம். கடந்த காலத்தில் பயின்று அடுத்த வருடத்தில் சோதிப்பதே நிஜப் பயன்பாட்டுக்கு மிக நெருக்கமானது:

```python
for t in range(2010, 2020):
    tr, te = df[df.year < t], df[df.year == t]
    b = np.polyfit(tr.year, tr["yield"], 1)
    m = RandomForestRegressor(n_estimators=500)
    m.fit(tr[cols], tr["yield"] - np.polyval(b, tr.year))
    pred = np.polyval(b, te.year) + m.predict(te[cols])
```

போக்குக்கோடு `b` சுழற்சிக்கு உள்ளே, பயிற்சி வருடங்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவதைக் கவனியுங்கள். முழுத் தரவிலும் ஒரே தடவை போக்கை நீக்கிவிட்டுப் பிறகு வருடங்களைப் பிரித்தால், 2012இன் வீழ்ச்சி அந்தக் கோட்டின் சாய்வுக்குள் ஏற்கெனவே புகுந்திருக்கும். ஆய்வுக் கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் இது ஒரே வாக்கியத்தில் கடந்து போய்விடுவதால் பலர் கண்ணில் படுவதில்லை.

## R² எதற்குக் கிடைத்த மதிப்பெண்?

வருடவாரியாகப் பிரித்த பிறகும் R² உயர்ந்தே இருக்கலாம். காரணம், மகசூலில் உள்ள வேறுபாடு மூன்று இடங்களிலிருந்து வருகிறது. அயோவாவின் கறுப்பு மண்ணும், கான்சாஸ் மேற்கின் மானாவாரி நிலமும் எந்த வருடமும் ஒன்றாக விளையாது; இது இட வேறுபாடு. ரகங்களும் சாகுபடி முறையும் மேம்படுவதால் வருடத்துக்கு ஹெக்டேருக்கு 0.1 டன்னுக்குச் சற்று மேல் கூடிக்கொண்டே வருகிறது, இது போக்கு. மிச்சம் இருப்பது அந்த வருட வானிலையால் வரும் விலகல்.

கணிக்க வேண்டியது மூன்றாவதை மட்டும்தான். முதல் இரண்டும் அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். மண் விவரத்தை உள்ளீடாகக் கொடுத்ததும் மாதிரி கவுண்டியை அடையாளம் கண்டுகொண்டு, அதன் பழைய சராசரியைத் திருப்பிச் சொல்லும், R² ஏறிவிடும். எனவே ஒப்பிட வேண்டியது பூஜ்யத்தோடு அல்ல, "கவுண்டிச் சராசரி + போக்கு" என்ற எளிய கணிப்போடு:

`skill = 1 − MSE_model / MSE_trend`

MSE என்பது பிழைகளின் வர்க்கங்களுக்குச் சராசரி. skill சுழியத்துக்குக் கீழே போனால், மாதிரி இல்லாமலே நன்றாக இருந்திருப்போம் என்று அர்த்தம். ஒரு ஆய்வில் இந்த ஒப்பீடு இல்லை என்றால், R² எவ்வளவு இருந்தாலும் அதை ஒதுக்கி வைக்கலாம் என்பது என் கருத்து.

வருடவாரியாகத் தனித்தனியாக இதைக் கணக்கிடுவது இன்னும் நல்லது. சாதாரண வருடங்களில் போக்குக்கோடே நன்றாகக் கணிக்கும்; அங்கே மாதிரிக்கு வேலை குறைவு. 2012 போன்ற வருடத்தில்தான் அது தன் செலவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்.

## அந்தத் தேதியில் கையில் என்ன இருந்தது?

கணிக்கும் நேரத்தில் தெரிந்திருக்க முடியாத தகவல் மாதிரிக்குள் நுழைவதைக் கசிவு என்பார்கள். காலத்தால் வரும் கசிவுகள் இன்னும் நுட்பமானவை. ஜூலை 1 அன்று கணிக்கிறோம் என்றால், அன்று காலையில் உண்மையில் கிடைத்த தரவு மட்டும்தான் உள்ளே போகலாம்.

மக்காச்சோளப் பிக்சல்களைப் பிரிக்கப் பலரும் பயன்படுத்துவது கிராப்லேண்ட் டேட்டா லேயர் என்ற 30 மீட்டர் பயிர் வரைபடம். 2012க்கான வரைபடம் வெளிவந்தது அந்தப் பருவம் முடிந்து, அடுத்த வருடத் தொடக்கத்தில்தான். ஆனால் ஆய்வில் 2012 என்டிவிஐயை 2012 வரைபடத்தால் வடிகட்டுவார்கள். கோப்பு வட்டில் இருக்கிறது, எடுக்கத் தடையில்லை. நிஜத்தில் அந்த ஜூலையில் அது இருந்திருக்காது.

போன வருட வரைபடத்தைப் போட்டால் என்ன என்று கேட்கலாம். அங்கே பயிர்ச் சுழற்சி குறுக்கே நிற்கிறது. அந்தப் பகுதியில் மக்காச்சோளத்தையும் சோயாவையும் மாற்றி மாற்றி விதைப்பது வழக்கம். போன வருடம் மக்காச்சோளம் இருந்த வயலில் இந்த வருடம் சோயா நிற்கும். மக்காச்சோளம் என்று நினைத்துக் கணிசமான பங்கு சோயாவின் பசுமையை அளந்துகொண்டிருப்போம். பல வருட வரைபடங்களை அடுக்கி, மக்காச்சோளமோ சோயாவோ வரும் வயல் என்று பொதுவாக ஒரு வடிகட்டி செய்வது ஒரு சமரசம். துல்லியம் குறையும், ஆனால் அந்தக் குறைந்த துல்லியம்தான் உண்மையானது.

வானிலையிலும் இதே கதை. "பருவ மொத்த மழை" என்று ஓர் உள்ளீடு இருந்தால், அதில் செப்டம்பர் மழையும் அடக்கம். அதை வைத்துச் செய்வது நடந்து முடிந்ததற்கு விளக்கம் சொல்வது, கணிப்பு அல்ல.

## பச்சை தெரியும், மணி தெரியாது

இப்போது 2012 மே மாதக் கடைசியில் மாதிரியை நிறுத்திப் பாருங்கள். வெப்பமான மார்ச்சும் சீக்கிர விதைப்பும் சேர்ந்து, பயிர் வழக்கமான தேதியைவிட முன்னால் ஓடுகிறது. காலண்டர் தேதிப்படி பார்த்தால் என்டிவிஐ சராசரியைவிட மேலே. "மே மாதம் பச்சை அதிகம் என்றால் மகசூல் அதிகம்" என்று கற்ற மாதிரி மகிழ்ச்சியாக மேல்நோக்கிக் கணிக்கும். அந்தப் பசுமை நல்ல பயிரைக் காட்டவில்லை, முந்திய பயிரைக் காட்டியது.

இதற்கு மருந்து, நாளை எண்ணாமல் வெப்ப அலகை எண்ணுவது. விதைத்ததிலிருந்து ஒவ்வொரு நாளும் அடிப்படை வெப்பநிலைக்கு மேல் சேரும் டிகிரிகளைக் கூட்டிக்கொண்டே போனால், பயிர் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று ஓரளவு தெரியும். எல்லா வருடங்களையும் அந்த அச்சில் வரிசைப்படுத்திய பிறகு பசுமையை ஒப்பிட வேண்டும்.

பூக்கும் பருவத்தில் வேறொரு சிக்கல். ஆண் பூவிலிருந்து மகரந்தம் கொட்டும் சில நாட்களில் கதிரின் பட்டு நூல்கள் ஈரமாக வெளியே வந்து அதைப் பிடிக்க வேண்டும். வறட்சியில் பட்டு தாமதமாக வரும், காயும்; மணிகள் பிடிக்காது. செடியோ பச்சையாகவே நிற்கலாம். போதாததற்கு, இலைப்பரப்பு நிலப்பரப்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டியதும் என்டிவிஐ நிறைவுற்று, மேலே அதிகம் நகராது. சுமாரான பயிரும் அருமையான பயிரும் அங்கே ஒரே மாதிரி தெரியும்.

வெப்பத்தை மாதச் சராசரியாகக் கொடுத்தாலும் இந்தச் சேதம் மறைந்துவிடும். பொருளாதார ஆய்வாளர்கள் ஷ்லெங்கர், ராபர்ட்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மக்காச்சோள மகசூல் சுமார் 29 டிகிரி செல்சியஸ் வரை மெல்ல ஏறி, அதற்கு மேல் செங்குத்தாகச் சரிவதைக் காட்டினார்கள். பாதி நாட்கள் 24 டிகிரி, பாதி நாட்கள் 36 டிகிரி என்றாலும் சராசரி 30தான். பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல. 29க்கு மேல் எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்று கூட்டித் தருவது மாதச் சராசரியைவிட எவ்வளவோ மேல்.

## பார்க்காத வறட்சி

மோடிஸ் தரவு 2000இல்தான் தொடங்குகிறது. அதற்கும் 2012க்கும் இடையில் நெப்ராஸ்கா பக்கம் 2002இலும், இல்லினாயில் 2005இலும் வறட்சி வந்தது. மக்காச்சோள மண்டலம் முழுவதையும் ஒரே நேரத்தில் 2012 அளவுக்கு உலுக்கிய முந்தைய வறட்சி 1988. அது பயிற்சித் தரவில் இல்லவே இல்லை.

ரேண்டம் ஃபாரஸ்ட் என்பது பயிற்சியில் கண்ட மதிப்புகளின் சராசரிகளைத்தான் தரும்; கண்டதைவிடக் கீழே அதனால் இறங்க முடியாது. ஆகவே உச்ச வறட்சியை அது மட்டாகவே காட்டும். வருடத்தை ஓர் உள்ளீடாகக் கொடுத்தாலும் அதே கதிதான்: பயிற்சியின் கடைசி வருடத்தோடு போக்கு தட்டையாகிவிடும். ஐந்து வருடம் முன்னோக்கிச் சோதித்தால், அதனால் மட்டுமே அரை டன்னுக்கு மேல் குறைவாகக் கணிக்கும்.

இந்த இரண்டு பிழைகளும் 2012இல் எதிரெதிர்த் திசையில் போவது ஒரு வேடிக்கை. வறட்சியைக் குறைத்து மதிப்பிடுவது கணிப்பை மேலே தூக்குகிறது. தட்டையான போக்கு கீழே இழுக்கிறது. போக்கைச் சரியாகக் கையாளாத மாதிரி 2012இல் சற்று நன்றாகத் தெரிந்துவிட்டு, நல்ல விளைச்சல் கண்ட 2014இல் காலை வாரிவிடும். ஒரே ஒரு வறட்சி வருடத்தில் ஜெயித்ததை வைத்து மாதிரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

செயற்கைக்கோளை விட்டுவிட்டு வானிலையை மட்டும் வைத்து 1988 உள்ளிட்ட நீண்ட தொடருக்குப் போவது ஒரு வழி. பயிர் வளர்ச்சி உருவகப்படுத்தி மூலம் செயற்கையான வறட்சிகளை உண்டாக்கிப் பயிற்சியில் சேர்ப்பது இன்னொன்று.

## கவுண்டிப் பிழையிலிருந்து நாட்டுப் பிழைக்கு

கவுண்டி அளவில் பிழை ஹெக்டேருக்கு 1 டன் என்று வைப்போம். ஆயிரம் கவுண்டிகளைச் சராசரி எடுத்தால் பிழை √1000ஆல் வகுபட்டு 0.03 டன்னாகும் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். பிழைகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாக இருந்தால் அது சரி. ஒரே வறட்சியை எல்லாக் கவுண்டிகளிலும் ஒரே நேரத்தில் தவறவிடும்போது அப்படி இருக்காது. பிழைகளுக்குள் ஒட்டுறவு 0.3 என்றால், நாட்டுச் சராசரியின் பிழை சுமார் 0.55 டன். முன்னதைவிடப் பதினேழு மடங்கு. கவுண்டிகளை எவ்வளவு கூட்டினாலும் அது அதற்குக் கீழே போகாது.

கணிப்பு இடைவெளிகள் எப்போதும் ஒடுக்கமாக வருவதற்கு இதுவே முதல் காரணம். இடைவெளியைச் சரிபார்க்கும்போதும் எண்ண வேண்டியது வருடங்களைத்தான்: 90 சதவீத இடைவெளி பத்து வருடங்களில் எத்தனை வருடம் உண்மையைப் பிடித்தது? ஜூன் கடைசியில் நின்றால் ஜூலை மழை யாருக்கும் தெரியாது. அந்தத் தேதியில் அரை டன் இடைவெளியோடு வரும் கணிப்பை, மையப் புள்ளி சரியாகவே விழுந்திருந்தாலும், நம்பக் கூடாது.

## "உண்மை மகசூல்" எங்கிருந்து வருகிறது

மகசூல் என்பது உற்பத்தியை அறுவடைப் பரப்பால் வகுத்தது. விதைப்புப் பரப்பால் அல்ல. 2012இல் அமெரிக்காவில் சுமார் 97 மில்லியன் ஏக்கரில் மக்காச்சோளம் விதைத்தார்கள், மணிக்காக அறுத்தது சுமார் 87 மில்லியன். எல்லா வருடமும் ஒரு பகுதி தீவனத்துக்கு வெட்டப்படும், ஆனால் வறட்சியில் கருகிய வயல்களும் அந்தக் கணக்கில் சேர்ந்து இடைவெளி கூடும். மோசமான வயல்கள் வகுத்தியிலிருந்தே காணாமல் போவதால், மிஞ்சிய வயல்களின் மகசூல் ஓரளவு நன்றாகத் தெரியும். செயற்கைக்கோள் கருகியதையும் சேர்த்துப் பார்க்கிறது. அங்கே மாதிரி தவறா, இலக்கு எண் தவறா என்று சொல்வதற்கே அறுவடைப் பரப்பைத் தனியாகக் கணிக்க வேண்டியிருக்கும்.

டெல்டாவில் சம்பா நெல்லுக்கு இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சிக்கல் இந்தப் பக்கம்தான் கனம். வடகிழக்குப் பருவமழை மேகம் ஒளியியல் படங்களை மறைப்பதால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளை நாட வேண்டும். அது விண்ணுக்குப் போனது 2014இல், ஆக வருடங்களின் எண்ணிக்கை இன்னும் சிறியது. இலக்கு எண் பயிர் அறுவடைப் பரிசோதனையிலிருந்து வருகிறது: 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம், பயிர்க் காப்பீட்டில் முக்கியப் பயிருக்குக் கிராம ஊராட்சிக்கு நான்கு. மொத்தம் 100 சதுர மீட்டர். ஊருக்குள் வயலுக்கு வயல் மகசூலின் திட்டவிலக்கம் 1.2 டன் என்று கொண்டால், நான்கின் சராசரிக்குத் திட்டப்பிழை 0.6 டன். மாதிரி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அந்த எண்ணோடு ஒப்பிட்டால் பிழையின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம் 0.6க்குக் கீழே வர வழியில்லை. வந்திருந்தால் முதலில் தேட வேண்டியது கசிவை. இன்னொன்று, இழப்பீட்டைத் தீர்மானிப்பதிலும் இதே எண்ணுக்கு முக்கியப் பங்கு உண்டு. அதனால் பிழை இரு பக்கமும் சமமாக விழும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, சில ஊர்களில் எல்லா வருடமும் ஒரே பக்கமாகச் சாயக்கூடும். வருடவாரியாகப் பிரித்துப் பார்த்தாலும் அந்தச் சாய்வு வெளியே தெரியாது, பயிற்சியிலும் சோதனையிலும் அது ஒன்றாகவே இருக்கும். தெரிய வேண்டுமானால், பணம் சம்பந்தப்படாத தனி அளவீடு கொஞ்சம் கையில் வேண்டும்: அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கிய மூட்டைகளின் எடையோ, ஆய்வுக்காக மட்டும் அறுத்துப் பார்த்த சில சதுரங்களோ.